அப்பெண்டிக்ஸ் பயாப்சில நியூரோஎண்டோகிரைன் ட்யூமர்னு வந்தா அந்த ரிப்போர்ட்ட எப்படி படிக்கிறது

அப்பெண்டிக்ஸ் ஆப்பரேஷன் முடிஞ்சு, தையல் பிரிச்சு, வீட்ல ரசம் சாதத்துலேருந்து குழம்பு சாதத்துக்கு மாறி, எல்லாரும் அந்த விஷயத்தையே மறந்துட்ட நேரத்துலதான் பயாப்சி ரிப்போர்ட் வரும். பெரும்பாலானவங்களுக்கு அதுல அக்யூட் அப்பெண்டிசைட்டிஸ்னு ஒரு வரிதான் இருக்கும், ஃபைல்ல சொருகிட்டு போயிடுவாங்க. மிச்சம் இருக்குற அந்த கொஞ்சப் பேருல சிலருக்கு மட்டும் 'வெல் டிஃபரென்ஷியேட்டட் நியூரோஎண்டோகிரைன் ட்யூமர்'னு வரும், ஹார்மோன் மாதிரி சரக்கு சுரக்குற செல்லுங்கள்லேருந்து வர்ற, பாக்க நார்மல் செல் மாதிரியே இருக்குற கட்டின்னு அர்த்தம். கணக்கு பாத்தா ஆயிரம் அப்பெண்டிக்ஸ் எடுத்தா மூணுலேருந்து ஒம்போதுக்குள்ள வரும்னு சொல்வாங்க. நான் தஞ்சாவூர் பக்கம் ஒரு லேப்ல பயாப்சி பாக்குற டாக்டர். மன்னார்குடி, பட்டுக்கோட்டை, கும்பகோணம்னு சுத்துப்பட்டு நர்சிங் ஹோம்லேருந்தெல்லாம் டப்பால ஃபார்மலின் ஊத்தி பஸ்ல அனுப்பிவிடுவாங்க, அதனால வருஷத்துக்கு ஒண்ணு ரெண்டாவது இந்த ட்யூமர் என் கண்ணுல படும். ஒவ்வொரு தடவையும் ரிப்போர்ட் போன மறுநாளே ஒரு போன் வரும், "டாக்டர், கேன்சரா இல்லையா, ஒரே வார்த்தையில சொல்லிடுங்க"னு.

ஒரே வார்த்தையில சொல்ல முடியாதுங்கறதுக்கு காரணம் நான் மழுப்புறேன்னு இல்ல, அந்தப் பேரே மழுப்பலா பொறந்த பேரு. 1907ல ஜெர்மனியில ஓபெர்ன்டோர்ஃபர்னு ஒரு பெத்தாலஜிஸ்ட் சின்னக் குடல்ல இந்தக் கட்டிங்கள பாத்துட்டு, பாக்க கேன்சர் மாதிரி இருக்கு ஆனா கேன்சர் மாதிரி நடந்துக்கலையேனு 'கார்சினாய்டு'னு பேரு வச்சாரு, கேன்சர் மாதிரினுதான் அதுக்கு அர்த்தம். பின்னாடி 1929ல அவரே இதுல சிலது பரவவும் செய்யுதுன்னு எழுதினாரு. இன்னிக்கு நெலம என்னன்னா, இது கேன்சர் குடும்பத்துல சேர்ந்ததுதான், ஆனா அந்தக் குடும்பத்துலயே ரொம்ப மெதுவா நடக்குற ஆளு, அது எங்க உக்காந்துருக்கு எவ்ளோ பெருசுங்கறதப் பொறுத்து பேச்சே மாறிடும். அப்பெண்டிக்ஸ்ல இருந்தா ஒரு கதை, அதுலேருந்து ஒரு ஜாண் தள்ளி சின்னக்குடல் கடைசியில இருந்தா வேற கதை. இத பிரிச்சுப் பாக்காம கூகுள் பண்றவங்கதான் ராத்திரி தூக்கம் கெட்டு உக்காந்துருக்காங்க.

ஒரு கேஸ வச்சே சொல்றேன், ஆள் அடையாளம் தெரியாதபடி கொஞ்சம் மாத்திருக்கேன். மன்னார்குடிக்குப் பக்கத்து ஊரு, 27 வயசு பொண்ணு, பிரைவேட் ஸ்கூல்ல டீச்சர், வீட்டுக்காரர் சிங்கப்பூர்ல. பொங்கலுக்கு ரெண்டு நாள் முன்ன தொப்புளச் சுத்தி வலி, சாயங்காலம் அது வலது பக்கம் கீழ எறங்கிருக்கு, வாந்தி, லேசா ஜொரம். ஸ்கேன்ல அப்பெண்டிக்ஸ் வீங்கிருக்குன்னு வந்து அன்னிக்கு ராத்திரியே லேப்ராஸ்கோப்பில எடுத்துட்டாங்க. ரெண்டாம் நாள் வீடு. இதுவரைக்கும் ஊர் உலகத்துல நடக்குற கதைதான்.

டப்பா என் மேஜைக்கு வந்தப்ப ஏழு செண்டிமீட்டர் நீளத்துல செவந்து வீங்கிப்போன ஒரு அப்பெண்டிக்ஸ். நுனிய வெரலால அமுக்கிப் பாத்தா மத்த எடம் மாதிரி கொழகொழன்னு இல்ல, கல்லு மாதிரி ஒரு கெட்டி. அப்பெண்டிக்ஸ்ல மத்த பாகத்த வெண்டக்கா நறுக்குற மாதிரி குறுக்கால வெட்டுவோம், நுனிய மட்டும் நெட்டுக்கு ரெண்டா பொளந்து பாப்போம். ஏன்னா இந்த ட்யூமர் வர்றதுல பெரும்பகுதி, பத்துல ஏழு கிட்ட, நுனியிலதான் இருக்கும். பொளந்தா உள்ள மங்கலான மஞ்சள் நெறத்துல ஒரு உருண்டை, ஃபார்மலின்ல ஊறினதும் இந்த மஞ்சள் இன்னும் நல்லா தெரியும். ஸ்கேல் வச்சு அளந்தேன், 13 மில்லிமீட்டர். நடுவுல வேற எடத்துல ஒரு கெட்டிப்பட்ட மலத்துண்டு அடைச்சுக்கிட்டு இருந்துச்சு. ஆக அந்தப் பொண்ணுக்கு வலி வந்தது அந்த அடைப்பால, ட்யூமரால இல்ல. நுனியில இருக்குற கட்டி யாருக்கும் எந்த வழியையும் அடைக்காது, அது பாட்டுக்கு பல வருஷம் சும்மா கெடக்கும். அடைப்பு வரலன்னா இது இருக்குறதே தெரிஞ்சிருக்காது, தற்செயலா கெடச்சதுன்னு சொல்றது இதத்தான். அடியில, பெருங்குடலோட சேர்ற எடத்துல வளர்றது கொஞ்சம் கேஸ்தான், அந்தக் கொஞ்சத்துல வேணா ட்யூமரே அடைச்சு அப்பெண்டிசைட்டிஸ் வரலாம்.

இந்த எடத்துல ஒரு பொலம்பல். சில சின்ன நர்சிங் ஹோம்ல செலவ மிச்சம் பண்றேன்னு அப்பெண்டிக்ஸ பயாப்சிக்கே அனுப்பாம குப்பையில போட்டுர்றாங்க. இன்னும் சிலர் நோயாளி வீட்டுக்காரங்களுக்கு காமிக்கறதுக்காக நடுவுல கிழிச்சுட்டு அப்பறம் அனுப்புறாங்க, ஒரு தடவ ஃபார்மலினுக்குப் பதிலா சலைன்ல போட்டு வந்துச்சு, தஞ்சாவூர் வெயிலுக்கு பஸ்ஸுல வந்து சேர்றதுக்குள்ள பாதி அழுகிப்போச்சு. கிழிச்சுட்டா வெட்டு ஓரம் சுத்தமா, அதாவது வெட்டுன எடத்துல ட்யூமர் இல்லாம இருக்கான்னு சொல்ல முடியாது, அழுகிட்டா செல் எண்ண முடியாது. அந்த ரெண்டும் இல்லாத ரிப்போர்ட்ட வச்சுக்கிட்டு யாரும் முடிவெடுக்க முடியாது. உங்க வீட்ல யாருக்காவது அப்பெண்டிக்ஸ் எடுத்தா பயாப்சிக்கு போச்சான்னு ஒரு வார்த்த கேட்டுருங்க.

சரி, மைக்ராஸ்கோப்ல என்ன தெரிஞ்சுச்சுன்னா, ஒரே அளவு செல்லுங்க கூட்டம் கூட்டமா, ஒவ்வொரு நியூக்ளியஸும் உப்பும் மொளகுத்தூளும் கலந்து தூவுன மாதிரி. குரோமோகிரானின், சினாப்டோஃபிசின்னு ரெண்டு ஸ்டெயின் போட்டா ரெண்டும் நல்லா பிடிச்சுது, அதோட இது நியூரோஎண்டோகிரைன்னு உறுதி. அடுத்தது கேஐ-67, இது பெருகிக்கிட்டு இருக்குற செல்லுங்கள மட்டும் பழுப்பா காமிக்கும் (ஜெர்மனியில கீல்னு ஊர்ல கண்டுபிடிச்சதால கேஐ, அங்க சோதனைத் தட்டுல 67வது குழியில கெடச்சது, அவ்ளோதான் அந்தப் பேரு, மர்மம் ஒண்ணும் இல்ல). செல்லுங்கள ஒண்ணொண்ணா எண்ணனும், அந்தப் பொண்ணுக்கு நூத்துல ஒண்ணு கூட தேறல. 3 சதவீதத்துக்கு கீழ இருந்தா கிரேடு 1, 3லேருந்து 20 வரைக்கும் கிரேடு 2, அதுக்கு மேல போனா கிரேடு 3.

அவங்க அப்பா போன் பண்ணாரு. "சார், ஸ்டேஜ் மூணுன்னு போட்டுருக்கீங்களே, புள்ளைக்கு 27 வயசுதான் ஆவுது"னு கொரல் ஒடஞ்சு பேசுறாரு. நான் ஸ்டேஜ் 3னு எங்கயும் எழுதல, pT3னு எழுதிருந்தேன். இத விளக்கித்தான் ஆகணும், ஏன்னா எனக்கு வர்ற போன்ல பாதி இதுக்குத்தான். அப்பெண்டிக்ஸ சுத்தி ஒரு கொழுப்பு மடிப்பு இருக்கும், அதுலதான் ரத்தக்குழா ஓடும், மெசோஅப்பெண்டிக்ஸ்னு பேரு. இந்தப் பொண்ணு கட்டி அந்தக் கொழுப்புக்குள்ள 2 மில்லிமீட்டர் போயிருந்துச்சு. அமெரிக்காக்காரங்க ஸ்டேஜிங் புத்தகம் எட்டாவது பதிப்புப்படி அந்தக் கொழுப்ப தொட்டாலே அது T3, கட்டி எவ்ளோ சின்னதா இருந்தாலும் சரி. ஐரோப்பாக்காரங்க முறையில கொழுப்புக்குள்ள 3 மில்லிமீட்டர் வரைக்கும் போனா T2தான், அதத் தாண்டுனாத்தான் T3. ஆக அதே கட்டி, அதே கண்ணாடி ஸ்லைடு, இந்தப் புத்தகத்துல ரெண்டு அந்தப் புத்தகத்துல மூணு. T-ங்கறது கட்டி எவ்ளோ தூரம் எறங்கிருக்குன்னு சொல்ற ஒரு எழுத்து, ஸ்டேஜ்ங்கறது நெணநீர் முடிச்சு, ஈரல்னு எல்லாத்தையும் சேத்து போடுறது. அதனால இப்பல்லாம் எந்தப் புத்தகம்னும் எத்தன மில்லிமீட்டர்னும் நான் தனியா எழுதிர்றேன். உங்க ரிப்போர்ட்ல அந்த மில்லிமீட்டர் இல்லன்னா லேப்ல கேளுங்க, ஸ்லைட திரும்ப எடுத்துப் பாத்து எழுதித் தருவாங்க, அதுல கௌரவக் குறைச்சல் ஒண்ணும் கெடையாது.

இப்ப முக்கியமான கேள்வி, அப்பெண்டிக்ஸ் எடுத்தது போதுமா, இல்ல இன்னொரு ஆப்பரேஷனா. இதுல ரெண்டு ஓரம் தெளிவா இருக்கு. கட்டி 1 செண்டிமீட்டருக்குள்ள, வெட்டு ஓரம் சுத்தம்னா அதோட முடிஞ்சுது, மறு ஆப்பரேஷனும் வேணாம், வருஷா வருஷம் ஸ்கேனும் வேணாம். 2 செண்டிமீட்டருக்கு மேலன்னா வலது பக்க பெருங்குடலையும் சின்னக்குடல் கடைசிக் கொஞ்சத்தையும் நெணநீர் முடிச்சோட சேத்து எடுக்கணும்னு சொல்வாங்க, ரைட் ஹெமிகோலெக்டமினு பேரு. அந்த 2 செண்டிமீட்டர் கோடு எங்கேருந்து வந்துச்சுன்னா, 1987ல மேயோ கிளினிக்காரங்க 150 பேர பல வருஷம் பின்தொடர்ந்து எழுதினாங்க, அதுல 2 செண்டிமீட்டருக்கு கீழ இருந்த 127 பேர்ல ஒருத்தருக்குக் கூட பரவல, அதுக்கு மேல இருந்தவங்கள்ல சிலருக்கு பரவுச்சு.

தகராறு எல்லாம் ஒண்ணுக்கும் ரெண்டுக்கும் நடுவுலதான், நம்ம டீச்சர் பொண்ணு 1.3ல அங்கதான் மாட்டிக்கிச்சு. ரொம்ப வருஷமா என்ன பண்ணிட்டு இருந்தாங்கன்னா, இந்த நடு அளவுல கட்டி அடியில இருந்தாலோ, கொழுப்புக்குள்ள 3 மில்லிமீட்டருக்கு மேல போயிருந்தாலோ, ரத்தக்குழாயிலயோ நெணநீர் குழாயிலயோ செல் தெரிஞ்சாலோ, கிரேடு 2 வந்தாலோ பெரிய ஆப்பரேஷனுக்கு போயிடுவாங்க. எடுத்துப் பாத்தா சிலருக்கு முடிச்சுல உண்மையிலயே ட்யூமர் இருக்கும், அப்ப எடுத்தது நல்லதாப் போச்சுன்னு தோணும். ஆனா எடுக்காம விட்டவங்களுக்கும் முடிச்சுல இருந்திருக்குமே, அவங்க என்ன ஆனாங்கங்கறதுதான கேள்வி. அதத்தான் 2023ல லான்செட் ஆன்காலஜில வந்த ஒரு ஐரோப்பிய ஆய்வு பாத்துச்சு. ஒண்ணுலேருந்து ரெண்டு செண்டிமீட்டர், முழுசா எடுக்கப்பட்ட 278 பேரு, அதுல 163 பேருக்கு அப்பெண்டிக்ஸ் மட்டும், 115 பேருக்கு குடலும் எடுத்தது, நடுவாந்திரமா 13 வருஷம் கவனிச்சுருக்காங்க. அப்பெண்டிக்ஸ் மட்டும் எடுத்தவங்கள்லயும் கணக்குப்படி எட்டுல ஒருத்தருக்கு முடிச்சுல ட்யூமர் இருந்திருக்கணும், ஆனா ரெண்டு கூட்டத்துலயும் இந்த ட்யூமரால ஒருத்தர் கூட சாகல, பின்னாடி வேற எடத்துக்கும் பரவல. அதாவது முடிச்சுல இருந்தாலும் அது அங்கயே சும்மா உக்காந்துருக்கு. இது பழைய ரெக்கார்டுகள தோண்டி எடுத்து பண்ண ஆய்வு, சீட்டுக் குலுக்கி ரெண்டு பக்கமா பிரிச்சு பண்ணது இல்ல, அந்தக் கொற இருக்கு. இருந்தாலும் இத பாத்த பின்னாடி 27 வயசு பொண்ணுக்கு, வெட்டு ஓரம் சுத்தமா, கிரேடு 1ஆ, ரத்தக்குழாயில ஒண்ணும் இல்லாம இருக்கறப்ப குடல வெட்டச் சொல்ல எனக்கு மனசு வரல, அவங்க சர்ஜனும் அதேதான் சொன்னாரு. அந்த ஆப்பரேஷன் ஒண்ணும் சும்மா இல்ல, பித்த உப்ப திரும்ப உறிஞ்சுற பாகம் போறதால சிலருக்கு பேதி ஒரு பழக்கமாவே ஆயிடும், உள்ள ஒட்டிக்கிட்டு பின்னாடி குடல் அடைப்பும் வரலாம்.

ஒரு விஷயம் ஜாக்கிரத. ரிப்போர்ட்ல 'கோப்ளெட் செல் அடினோகார்சினோமா'னு இருந்தா மேல சொன்னது எதுவும் பொருந்தாது. முன்ன அதுக்கும் கோப்ளெட் செல் கார்சினாய்டுன்னு பேரு இருந்ததால பழைய பக்கங்கள்ல ரெண்டையும் கலந்து எழுதிருப்பாங்க. அது வேற ஜாதி, நிஜமான குடல் கேன்சர் மாதிரியே நடத்தணும்.

இனி அறிகுறிக்கு வரேன். அந்தப் பொண்ணு வீட்டுக்காரர் சிங்கப்பூர்லேருந்து நெட்ல படிச்சுட்டு, மூஞ்சி செவக்கும், பேதி போகும், மூச்சு எளைக்கும், ஹார்ட் வால்வு கெட்டுப்போகும்னு ராத்திரி வாட்ஸ்அப்ல லிஸ்ட் அனுப்பிட்டாரு. பொண்ணும் யோசிச்சுப் பாத்துருக்கு, ஆமா கிளாஸ்ல நிக்கறப்ப மூஞ்சி எரியுது, பொங்கலுக்கு அப்பறம் ரெண்டு நாள் பேதி. அவ்ளோதான், வீடே எழவு வீடு மாதிரி ஆயிடுச்சு. விஷயம் என்னன்னா இந்த ட்யூமர் செரோடோனின் மாதிரி சில சரக்க சுரக்கும், ஆனா குடல்லேருந்து கெளம்புற ரத்தம் மொதல்ல ஈரலுக்குத்தான் போகும், ஈரல் அத ஒடச்சுப் போட்டுரும். டோல்கேட் மாதிரி நெனச்சுக்கோங்க. ட்யூமர் ஈரலுக்கே பரவி அங்க கட்டியா உக்காந்தாத்தான் அந்தச் சரக்கு டோல்கேட்ட தாண்டி ஒடம்பு பூரா ஓடும், அப்பத்தான் கார்சினாய்டு சிண்ட்ரோம்னு சொல்ற அந்த லிஸ்ட் வரும். 1.3 செண்டிமீட்டர்ல எடுத்தாச்சு, ஸ்கேன்ல ஈரல் சுத்தம்னா அந்த லிஸ்ட்டுக்கும் இந்தப் பொண்ணுக்கும் சம்பந்தமே இல்ல. நெசமான சிண்ட்ரோம்ல வர்ற செவப்பு மூஞ்சி கழுத்து நெஞ்சு மேல்பக்கம்னு திடீர்னு பரவும், பெரும்பாலும் வேர்க்காது, தண்ணி அடிச்சாலோ டென்ஷன் ஆனாலோ கெளம்பும், சில நிமிஷத்துல அடங்கும். பேதியும் சோறு தண்ணி இல்லாம படுத்தாக்கூட போகும், ராத்திரியில எழுப்பிவிடும்.

இதோட நின்னுருந்தா பரவால்ல. யாரோ சொன்னாங்கன்னு இன்னொரு எடத்துல ரெண்டு டெஸ்ட் எடுத்துட்டாங்க, ரெண்டுமே அதிகமா வந்துருச்சு. ரத்தத்துல குரோமோகிரானின் ஏ, நார்மல விட மூணு மடங்கு. 24 மணி நேர யூரின்ல 5-ஹெச்ஐஏஏ, அதுவும் கூட. அப்பா அழுதுட்டாரு. நான் ரெண்டே கேள்விதான் கேட்டேன், என்ன மாத்திரை போடுது, மூணு நாளா என்ன சாப்ட்டுச்சு. ஆப்பரேஷன் அன்னிலேருந்து பாண்டோப்ரசோல் 40, டிஸ்சார்ஜ் சீட்டுல பத்து நாள்னு எழுதிருந்தத நிறுத்தாம மூணு மாசமா காலையில வெறும் வயித்துல ஓடிக்கிட்டு இருக்கு. இந்த கேஸ் மாத்திரைங்க வயித்து ஆசிட்ட கொறைக்கும், கொறஞ்சதும் வயித்துல இருக்குற சில செல்லுங்க வேல ஜாஸ்தி பாக்க ஆரம்பிக்கும், அதுங்களே குரோமோகிரானின விடும். ட்யூமர் இல்லாத ஆளுக்குக் கூட இந்த மாத்திரையில அது ஏறும், கிட்னி சரியில்லாட்டியும் ஏறும். டாக்டர்கிட்ட கேட்டு மாத்திரைய ரெண்டு வாரத்துக்கு நிறுத்திட்டுத்தான் எடுக்கணும்.

ரெண்டாவது இன்னும் சுவாரஸ்யம். 5-ஹெச்ஐஏஏங்கறது செரோடோனின் ஒடஞ்சு வர்ற கழிவு, செரோடோனின் வாழப்பழத்துலயே எக்கச்சக்கமா இருக்கு. வீட்டுக் கொல்லையிலயே பூவன் தார் பழுத்துத் தொங்குற ஊரு, வயித்துக்கு நல்லதுன்னு அம்மா தெனம் மூணு பழம் குடுத்துருக்காங்க, மத்தியானம் தக்காளி ரசம், கத்திரிக்கா கொத்சு. இந்த டெஸ்ட்டுக்கு மூணு நாள் முன்னயிலேருந்து தொடக்கூடாத லிஸ்ட்ட அப்படியே சமையலா பண்ணிப் போட்டுருக்காங்க! வாழப்பழம், வாழக்கா, தக்காளி, கத்திரிக்கா, அன்னாசி, வால்நட் மாதிரி கொட்டைங்க இதெல்லாம் மூணு நாள் முன்னயும் யூரின் சேக்குற அன்னிக்கும் கூடாது, பாராசிட்டமாலும் சில இருமல் சிரப்பும் கூட கணக்க கெடுக்கும். சேக்குறதும் ஒழுங்கா சேக்கணும், காலையில எழுந்து போற மொத யூரின கீழ விட்டுட்டு அந்த நேரத்த குறிச்சுக்கிட்டு, அதுலேருந்து மறுநாள் அதே நேரத்து யூரின் வரைக்கும் ஒரு சொட்டு விடாம லேப் குடுத்த கேன்ல பிடிக்கணும், கேன்ல ஆசிட் ஊத்தி குடுத்துருப்பாங்க கை படாம பாத்துக்கணும், வெயில்ல வைக்காம குளுமையான எடத்துல வைக்கணும். அந்தப் பொண்ணு ஸ்கூல் நேரத்துல போனத விட்டுருச்சுன்னும் அப்பறம்தான் தெரிஞ்சுது. மாத்திரைய நிறுத்தி, சாப்பாட்ட மாத்தி மூணு வாரம் கழிச்சு திரும்ப எடுத்ததுல ரெண்டுமே நார்மல். என் கருத்த கேட்டா, இந்த அளவு ட்யூமருக்கு, முழுசா எடுத்த பின்னாடி, இந்த ரெண்டு டெஸ்ட்டும் மொதல்லயே தேவையில்லாதது. தேவையில்லாத டெஸ்ட்ல தப்பா ஒண்ணு வந்தா அத தொடச்சு எடுக்க இன்னும் நாலு டெஸ்ட் வேணும்.

கடைசியா அந்தப் பொண்ணுக்கு என்ன திட்டம் போட்டாங்கன்னா, ஆப்பரேஷனுக்கு முன்ன வெறும் அல்ட்ராசவுண்ட்தான் எடுத்துருந்ததால ஈரலையும் முடிச்சுங்களையும் சரியா ஒரு தடவ பாத்துக்க வயித்துக்கு ஒரு எம்ஆர்ஐ. சிடி வேணாம்னு சொன்னதுக்கு காரணம் வயசு, வருஷா வருஷம் கதிர் ஏத்திக்கிட்டு இருக்கக்கூடாது. அது சுத்தமா வந்ததால ஒரு வருஷம் கழிச்சு இன்னொரு தடவ, அப்பறம் சர்ஜன்கிட்ட பேசி நிறுத்திக்கலாமா தொடரலாமான்னு முடிவு பண்றது. இந்த நடு அளவுக்கு எத்தன வருஷம் பாக்கணுங்கறதுல டாக்டர்களுக்குள்ளயே அபிப்ராயம் ஒண்ணு இல்ல, சிலர் ஒண்ணுமே வேணாம்பாங்க, ஓரத்துல ட்யூமர் தெரிஞ்சாலோ ரத்தக்குழாயில இருந்தாலோ சிலர் வருஷத்துக்கு ஒண்ணுன்னு பல வருஷம் பாப்பாங்க. காலியம் டோட்டாடேட் பெட் ஸ்கேன்னு ஒண்ணு இருக்கு, இந்த ட்யூமர் செல்லுங்க மேல இருக்குற ரிசெப்டர தேடிப்போய் ஒட்டிக்கிட்டு பளிச்சுனு காமிக்கும், அது எல்லா ஊர்லயும் கெடையாது, செலவும் ஆகும். எம்ஆர்ஐல சந்தேகமா ஏதாவது தெரிஞ்சா அதுக்கு போகலாம், சும்மா மனசு திருப்திக்கு வேணாம்.

இவ்ளோ நிம்மதியா பேசுனது அப்பெண்டிக்ஸுக்கு. இதே பேரு, இதே கிரேடு 1, ஆனா 'இலியம்'னு, சின்னக்குடல் கடைசிப் பாகம்னு ரிப்போர்ட்ல இருந்தா இந்த நிம்மதிய அங்க தூக்கிட்டு போகாதீங்க. அங்க 1 செண்டிமீட்டர் கட்டி கூட முடிச்சுக்கு போயிருக்கும், பல சமயம் ஒண்ணா இல்லாம அங்கங்க நாலஞ்சு கட்டியா இருக்கும். பாபநாசம் பக்கம் ஒரு விவசாயி, அம்பத்தெட்டு வயசு, நாலு வருஷமா சாப்ட்டு ஒரு மணி நேரம் ஆனா வயித்த முறுக்குது, வாயுன்னு பெருங்காயம், ஓமம், ஜெலுசில் எல்லாம் ஆச்சு, எண்டோஸ்கோப்பி பண்ணி நார்மல்னுட்டாங்க. எண்டோஸ்கோப்பி கொழா வயித்தோட நின்னுரும், கொலனோஸ்கோப்பி கொழா பெருங்குடலோட நின்னுரும், ட்யூமர் நடுவுல உக்காந்து சிரிச்சுக்கிட்டு இருக்கும். கடைசியா சிடி எடுத்தப்ப குடல தாங்குற மெசென்ட்ரில சுண்ணாம்பு படிஞ்ச ஒரு கட்டி, அதுலேருந்து மாட்டு வண்டிச் சக்கரத்து ஆரக்கால் மாதிரி நாலா பக்கமும் இழுத்துக்கிட்டு கோடு. நம்ம ஊர்ல இத பாத்ததும் வயித்து டிபினு நெனச்சு டிபி மாத்திர ஆரம்பிச்சுர்றாங்க, இவருக்கும் ஆரம்பிச்சு மூணு மாசம் ஓடிருச்சு. முடிச்சு வீங்குறதும் சுண்ணாம்பு படியறதும் ரெண்டுலயும் உண்டு, ஆனா இவருக்கு ஜொரம் கெடையாது, எடை பெருசா கொறையல, மூணு மாசம் மருந்து சாப்ட்டும் முறுக்கு மாறல. சதைய எடுத்துப் பாக்காம டிபி மருந்து ஆரம்பிக்கறதுல இந்த ஆபத்து ஒண்ணு.

இவருக்கு கட்டி எடுக்குறப்ப சர்ஜன் முழு சின்னக்குடலையும் வெரல் நடுவுல விட்டு அடியோட அடி தடவிப் பாத்து மூணு கட்டி கண்டுபிடிச்சாரு, ஸ்கேன்ல ஒண்ணுதான் தெரிஞ்சுது. பெருசா இருந்ததே பட்டாணி சைசுதான், முறுக்குக்கு காரணம் கட்டி இல்ல, அது கெளப்பிவிட்ட தழும்பு குடல சுருக்கி இழுத்தது. இவருக்கு டோட்டாடேட் ஸ்கேன் ஆப்பரேஷனுக்கு முன்னயே எடுத்தது, அது நியாயமான செலவு. பின்னாடி ஆறு மாசத்துலேருந்து ஒரு வருஷத்துக்கு ஒரு தடவ ஸ்கேன், அதுவும் அஞ்சு வருஷத்தோட முடியாது. இது பத்து வருஷம் கழிச்சுக் கூட ஈரல்ல எட்டிப் பாக்கும், அஞ்சு வருஷம் ஆச்சு ஆபத்து தாண்டியாச்சுங்கற கணக்கு மத்த கேன்சருக்கு, இதுக்கு இல்ல. அப்படி வந்தாலும் நாலு வாரத்துக்கு ஒரு தடவ ஆக்ட்ரியோடைட் இல்லாட்டி லான்ரியோடைட் ஊசி போட்டு பல வருஷம் அடக்கி வைக்க முடியும், அந்த ஊசியில பித்தப்பையில கல்லு வரும் அதையும் பாத்துக்கணும்.

ரெண்டு பேருக்குமே நான் ஒண்ணு சொல்லி அனுப்பினேன். ரிப்போர்ட் பேப்பர்ல மேல ஒரு ப்ளாக் நம்பர் இருக்கும், உங்க கட்டி மெழுகுல பதிச்சு அந்த நம்பர்ல எங்க அலமாரில இருக்கு. வேலூர், சென்னை, பாண்டிச்சேரினு எங்க ரெண்டாவது கருத்துக்கு போனாலும் அங்க மொதல்ல கேக்கறது ஸ்லைடும் ப்ளாக்கும்தான், வெறும் பேப்பர நீட்டினா திரும்ப தஞ்சாவூருக்கு பஸ் ஏறணும். மொதல்லயே லேப்ல எழுதிக் குடுத்து வாங்கிக்கிட்டு, ஸ்லைடு ஒடையாத டப்பால போட்டு, கைப்பையில வச்சு எடுத்துட்டு போங்க. மெழுகு வெயில்ல இளகும், பஸ்ல ஜன்னலோர சீட்டு மேல வைக்காதீங்க.